இரவு இரண்டே காலுக்கு வார்டில் தீ: ஒத்திகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாறை, மட்டக்களப்புக் கரையோர வைத்தியசாலைகளில் தீ ஒத்திகை பற்றிப் பேச்செடுத்தால், தாதியர், சுகாதார உதவியாளர்கள், வாசலில் நிற்கும் சிக்கியூரிட்டி என்று எல்லோரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் ஒரே காட்சியைச் சுற்றித்தான் போகும்: முதலாம் மாடியில் பெண்கள் மருத்துவ வார்ட், இரவு 2.15, கடமையில் மூன்றே பேர். பகல் பத்து மணி ஒத்திகையில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள், ஓட்டைகள் கண்ணில் படாது. அதனால்தான் இரவைத் தேர்ந்தெடுத்தேன்.

நெருப்பு எண்டா வெளிய ஓடுறதுதானே மிஸ், அதுக்கு ஏன் ஒரு ஒத்திகை?

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பிள்ளைகள் ஓடுவார்கள். வார்டில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் எழும்பவே மாட்டார்கள். சேலைன் ஏறிக்கொண்டிருக்கும், ஒட்சிசன் மாஸ்க் இருக்கும், சிலருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும். அவர்களைப் படிக்கட்டால் இறக்க ஆளுக்கு மூன்று பேர் வேண்டும், இரவில் மொத்தமே மூன்று பேர். ஆகவே வைத்தியசாலையில் முதல் அசைவு கீழே இறங்குவதல்ல, பக்கவாட்டில் போவது. அதே மாடியில், மூடக்கூடிய ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் உள்ள அடுத்த வார்டுக்கு எல்லோரையும் மாற்றிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். படிக்கட்டு அதற்கு அடுத்த கட்டம்.

இன்னொரு விஷயம், ஆளைக் கொல்வது பெரும்பாலும் சுவாலை அல்ல, புகை. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ வைத்தியசாலையில் தீ பிடித்தது நிலக்கீழ்த் தளத்தில். இறந்த தொண்ணூறு பேரளவில் அநேகமானோர் மேல் மாடிகளில் படுத்திருந்த நோயாளிகள். நெருப்பு அவர்களிடம் போகவில்லை, புகை போனது. மெத்தை நுரை எரியும்போது வரும் புகையில் காபன் மொனொட்சைட்டும் சயனைட்டு வாயுவும் இருக்கும். சில மூச்சுகளிலேயே தலை கிறுகிறுத்து, எந்தப் பக்கம் போவது என்ற நிதானம் போய்விடும்.

சீனாரியோ எண்டு என்னத்தை எழுதுற? "வார்டில் தீ" எண்டு போட்டாப் போதாதா?

போதாது. எங்கே, எதில், எத்தனை மணிக்கு, யார் யார் படுத்திருக்கும்போது என்பதெல்லாம் இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு தீயைக் கற்பனை செய்துகொண்டு ஓடுவார்கள். நான் எழுதியது இது. நீள மண்டபமான வார்ட். கிழக்கு முனையில் பிரதான வாசலும் படிக்கட்டும். மேற்கு முனையில் இரட்டைக் கதவு, அதைத் தாண்டினால் கொரிடோரும் அடுத்த வார்டும். நடுவில் தாதியர் மேசை. நோயாளிகள் 22 பேர்: தானாக நடப்போர் 13, கைபிடித்தோ சக்கர நாற்காலியிலோ போகக்கூடியோர் 6, படுத்த படுக்கை 3. துணைக்கு நிற்பவர்கள் 5 பேர், பாய் விரித்துத் தரையில் தூங்குகிறார்கள்.

4ஆம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மல்டி பிளக். அதில் இரண்டு ஃபோன் சார்ஜர், ஒரு மேசை விசிறி. அது உருகி, தொங்கிக்கொண்டிருந்த பெட்சீட்டில் பிடிக்கிறது. 5ஆம் கட்டிலில் படுத்த படுக்கையான அம்மா, சுவர்க்குழாயில் ஒட்சிசன். 4ஆம் கட்டில் பிரதான வாசலுக்குக் கிட்ட இருப்பது வேண்டுமென்றே செய்த வேலை. தினமும் வந்துபோகும் வாசல் பக்கம் நெருப்பு, ஒருவரும் பாவிக்காத மேற்குக் கதவுதான் வழி. அந்தக் கதவு திறக்குமா என்பதே இந்த ஒத்திகையின் பாதிக் கேள்வி.

மூண்டு பேர்தானே, யார் யாருக்கு எந்த வேலை?

பெயருக்கு வேலை கொடுக்கக் கூடாது, கடமை இடத்துக்குக் கொடுக்க வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும்போது மூன்று அட்டைகளைக் கழுத்தில் போடுங்கள், அல்லது சட்டைப்பையில் வையுங்கள்.

முதல் அட்டை, பொறுப்புத் தாதி. தகவல் சொல்வது, ஒட்சிசன் வால்வு, வார்டைக் காலி செய்வதா என்ற முடிவு, கடைசியில் ஆள் கணக்கு. இவர் நோயாளியைத் தூக்கக் கூடாது. தூக்கப் போனால் மற்ற நான்கும் விழுந்துவிடும். இரண்டாவது அட்டை, மற்றத் தாதி. தீக்கு அண்மையில் உள்ளவர்களை விலக்குவது, பிறகு படுத்த படுக்கைகளை நகர்த்துவது. மூன்றாவது, சுகாதார உதவியாளர். மின் ஆளி, ஒரே ஒரு தீயணைப்பு சிலிண்டர், பிறகு மேற்குக் கதவு, பிறகு கட்டில் தள்ளுதல். நடக்கக்கூடிய நோயாளிகளைக் கூட்டிப்போவது துணைக்கு நிற்பவர்கள். அவர்களில் விஷயம் தெரிந்த ஒருவரை மாலையிலேயே அடையாளம் கண்டு வைக்கலாம். எந்த வார்டிலும் அப்படி ஓர் அக்கா இருப்பார்.

முதல்ல ஃபோன் எடுக்கிறதா, ஆளைத் தூக்கிறதா?

தனியே நின்றால், நெருப்புக்குப் பக்கத்தில் உள்ளவரை விலக்கிக்கொண்டே கத்துங்கள். ஃபோன் அதற்குப் பிறகு. மூன்று பேர் நின்றால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். உலகமெங்கும் வைத்தியசாலைகளில் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கும் இதுதான்: ஆபத்தில் உள்ளவரை மீட்பது, தகவல் சொல்வது, கதவைச் சாத்தி அடக்குவது, அதன் பிறகே அணைப்பது அல்லது வெளியேறுவது. அணைப்பது கடைசியில் வருவதைக் கவனியுங்கள். நம்மவர்கள் முதலில் ஓடுவது சிலிண்டரைத் தேடித்தான்.

ஃபோனில் சொல்ல வேண்டியது ஒரே வசனம்: "பெண்கள் மருத்துவ வார்ட், முதலாம் மாடி, 4ஆம் கட்டில், மின்சாரத் தீ, மேற்குப் பக்கம் வெளியேறுகிறோம்." இதை வைத்தியசாலையின் தொலைபேசி இயக்குநரிடம் சொன்னால் அவர் தீயணைப்புப் பிரிவு, கடமை டொக்டர், சிக்கியூரிட்டி எல்லோருக்கும் சொல்வார். ஃபோனுக்குப் பக்கத்தில் 110 என்று மட்டும் ஒட்டி வைக்காமல், உங்களுக்குக் கிட்டிய மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் ஒட்டுங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அப்படிப் பிரிவு உண்டு. அந்த இலக்கம் இன்றும் வேலை செய்கிறதா என்று ஒத்திகைக்கு முதல் நாள் அழைத்துப் பாருங்கள்.

எந்த நோயாளியை முதல்ல எடுக்கிற? ஏலாதவரைத்தானே?

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், மனம் அப்படித்தான் சொல்லும். ஆனால் முதல் இடம் நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு, அவர் நடப்பவரோ படுத்தவரோ. நமது காட்சியில் 3, 4, 5ஆம் கட்டில்கள். அவர்கள் நகர்ந்த பிறகு நடக்கக்கூடிய 13 பேர். ஒரே ஆள் முன்னே நடந்தால் அத்தனை பேரும் ஒரு நிமிடத்தில் போய்விடுவார்கள், வழியும் வெறுமையாகும். அதன் பிறகு கைபிடித்துப் போகும் 6 பேர், கடைசியில் மிஞ்சிய படுத்த படுக்கைகள்.

ஏலாதவரை முதலில் எடுத்தால் அவருடைய கட்டில் வாசலில் நிற்கும்போது பின்னால் 13 பேர் புகைக்குள் வரிசையில் நிற்பார்கள். இதை வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஒத்திகையில் ஒருமுறை இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினால் வாக்குவாதமே வராது.

ஒட்சிசன் வால்வை நாங்களே மூடலாமா? பெரிய டொக்டர் கேட்டா?

ஒட்சிசன் தானாக எரியாது. எரிகிற பொருளைப் பல மடங்கு வேகமாக எரியவைக்கும். ஆகவே 5ஆம் கட்டில் அம்மாவை நகர்த்தும்போது முதலில் சுவரிலுள்ள ஓட்டமானியைப் பூச்சியத்துக்குத் திருப்புங்கள், பிறகு மாஸ்க்கைக் கழற்றுங்கள். மாஸ்க்கைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்குவதைப் போல மோசமான வேலை இல்லை. அந்த மெத்தைக்குள் ஒட்சிசன் பாய்ந்துகொண்டே இருக்கும். அவருடைய உடையிலும் போர்வையிலும் கொஞ்ச நேரம் ஒட்சிசன் தேங்கி நிற்கும் என்பதால் அவரைத் தீப்பொறி பறக்கும் பக்கமாகக் கொண்டுபோகவே கூடாது.

கொரிடோரிலுள்ள பிரதான வால்வு வேறு கதை. அதை மூடினால் அந்தப் பகுதியில் ஒட்சிசனில் இருக்கும் எல்லோருக்கும் நின்றுவிடும். அதனால் மூடுமுன் இரண்டு கேள்வி: இந்த வால்வு எந்தெந்தக் கட்டில்களுக்குப் போகிறது? அங்கே உள்ளவர்களுக்கு ஒட்சிசன் சிலிண்டரோ, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையோ கையில் இருக்கிறதா? இரண்டுக்கும் விடை தெரிந்து, தீ ஒரு தீயணைப்பு சிலிண்டருக்கு அடங்கவில்லை என்றால் பொறுப்புத் தாதி மூடலாம். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்று வைத்திய அத்தியட்சகரின் கையொப்பத்தோடு முன்கூட்டியே எழுதி வால்வுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஒத்திகையில் உண்மையான வால்வைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் போய்க் கையை உயர்த்தி "மூடினேன்" என்றால் போதும், அவதானிப்பவர் நேரத்தைக் குறித்துக்கொள்வார்.

சிவப்பு சிலிண்டர் ரெண்டு இருக்கு, எதை எடுக்கிற?

பிளக், கம்பி, இயந்திரம் என்றால் கறுப்புப் பட்டை உள்ள காபனீரொட்சைட்டு சிலிண்டர். நீலப் பட்டை உள்ள உலர் தூளும் அணைக்கும், ஆனால் வார்ட் முழுக்கத் தூள் பறந்து மூச்சு வியாதிக்காரருக்குத் திணறல் வரும். வேறு வழியில்லாவிட்டால் அதையும் பாவியுங்கள். பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, பிடியை அமுக்கி, பக்கத்துக்குப் பக்கம் அசைக்க வேண்டும். ஏழெட்டு அடி தள்ளி, முதுகை வெளியேறும் வழிக்குக் கொடுத்து நில்லுங்கள். காபனீரொட்சைட்டு வரும் அகன்ற வாயைக் கையால் பிடித்தால் குளிரில் தோல் போய்விடும்.

அந்த வாயு இருபது செக்கனுக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்காவிட்டால் இரண்டாவது சிலிண்டர் தேட வேண்டாம், மூன்றாவது அட்டையில் உள்ள அடுத்த வேலைக்குப் போங்கள். தூள் சிலிண்டரில் ஊசி பச்சையில் நிற்கிறதா என்று பார்க்கலாம். காபனீரொட்சைட்டில் அந்த மானி கிடையாது, எடை நிறுத்துப் பார்த்தால்தான் உள்ளே இருக்கிறதா என்று தெரியும். நமது பக்கம் உப்புக் காற்று. சிலிண்டரின் அடிப்பாகத்தைத் தூக்கிப் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும்.

காஸ் அடிச்சா மெத்தை அணைஞ்சிரும்தானே?

சுவாலை போகும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். காபனீரொட்சைட்டு காற்றை விலக்குமே தவிர மெத்தையைக் குளிரவைக்காது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடிக்கும், முன்னையைவிடக் கூடப் புகையோடு. மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது உறுதி என்றால் அதன் பிறகு தண்ணீர்தான் மருந்து. மின்சாரம் நிற்கவில்லை, அல்லது நிச்சயமில்லை என்றால் தண்ணீர் கூடாது, விட்டுவிட்டு வெளியேறுங்கள். எரிந்த மெத்தையை இழுத்துக்கொண்டு வார்டைக் கடக்கும் வீரமும் வேண்டாம். வழியெல்லாம் புகையைப் பரப்பிக்கொண்டு போவதுதான் மிச்சம்.

கரண்டை நிப்பாட்டினா வார்ட் இருட்டாகிருமே?

ஆம், அதனால்தான் பிரதான ஆளியில் கைவைக்கக் கூடாது. மின்பலகையில் எந்த ஆளி எதற்கு என்று எழுதியிருந்தால், 1 முதல் 8 வரையான கட்டில்களின் பிளக் சுற்றை மட்டும் நிறுத்தலாம். அடுத்தது கூரை விசிறிகள். இதை மறக்காதவர்கள் குறைவு. ஓடும் விசிறி, கூரையோடு ஒட்டி நிற்க வேண்டிய புகையைக் கீழே தள்ளி வார்ட் முழுக்கக் கலக்கிவிடும். விளக்கு மட்டும் எரியட்டும்.

எங்கள் பக்கத்தில் பல மின்பலகைகளில் எழுத்து அழிந்திருக்கும், அல்லது பழைய வயரிங்குக்கு எழுதியது அப்படியே இருக்கும். ஒத்திகைக்கு முந்திய வாரம் வைத்தியசாலை மின்னியலாளரைக் கூட்டிவந்து ஒவ்வொன்றாக ஆளியைத் தட்டிப் பார்த்து எழுதிவிடுங்கள். மேசையில் ஒரு டோர்ச் இருக்கட்டும்.

உண்மையான நோயாளியளையும் தூக்குறதா?

இல்லவே இல்லை. உண்மையான நோயாளிகள் தங்கள் கட்டிலிலேயே இருப்பார்கள். நடப்பவர்களுக்குப் பதில் தாதிய மாணவர்கள், கடமை முடிந்த ஊழியர்கள் வருவார்கள். படுத்த படுக்கைக்கு வெறும் கட்டிலில் ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்று. 22 பேரையும் நடிக்கவைக்க ஆள் கிடைக்காது. மற்றக் கட்டில்களுக்கு இலக்கமிட்ட அட்டை தொங்கவிட்டு, அந்த அட்டையைக் கொண்டுபோய் அடுத்த வார்டில் ஒப்படைத்தால் ஓர் ஆள் மாற்றப்பட்டதாகக் கணக்கு.

ஆனால் ஒரு கட்டிலையாவது பாரத்தோடு மேற்குக் கதவால் கட்டாயம் தள்ள வேண்டும். அட்டை எந்தக் கதவாலும் போகும். கட்டில்தான் மாட்டும்.

கட்டில் மாட்டினா என்ன செய்யிற?

போர்வை இழுவை. கனமான போர்வையை நோயாளியின் பக்கத்தில் நீளவாட்டில் விரித்து, அவரைச் சரித்துப் போர்வைக்கு மாற்றி, கட்டிலைத் தாழ்த்தி, கால் பக்கத்தை முதலில் இறக்கித் தலையைத் தாங்கியபடி தரைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு தலைப்பக்கத் துணியைச் சுருட்டிப் பிடித்து, தலை சற்று உயர்ந்திருக்க, பின்புறமாக நடந்து இழுப்பது. சமதரையில் ஒருவரால் இழுக்க முடியும், இருவர் என்றால் சுகம். புகை மேலே நிற்கும்போது தரையோடு போவதால் நோயாளிக்கு மூச்சும் கிடைக்கும். மூட்டையை வைத்துப் பழகும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள். ஒத்திகையில் இடுப்புப் பிடித்துக்கொண்ட ஊழியர் அடுத்த முறை வரமாட்டார்.

பெண்கள் வார்டுக்குள்ள ஆம்பிளையள் வந்து தூக்கலாமா மிஸ்?

உண்மையான தீயில் தூக்குவார்கள், தூக்க வேண்டும். இருந்தாலும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. புகைக்குள்ளும் தலையில் துணியைத் தேடி நிற்கிற அம்மாமார் எங்கள் ஊரில் உண்டு, அதில் போகும் நேரம் உயிரில் போகும். ஆகவே ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பெட்சீட் மடித்து வையுங்கள். எழும்பும்போதே தலையையும் உடலையும் அதனால் சுற்றிக்கொள்ளலாம். சிக்கியூரிட்டி தம்பிமார் உள்ளே வரும்போது "உதவிக்கு வாறம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வரட்டும், நேராகப் படுத்த படுக்கைகளுக்குப் போகட்டும். நடப்பவர்களை அழைத்துப்போவது பெண்களாகவே இருக்கட்டும். மாலையில் நோயாளிகளுக்கு இதைச் சொல்லிவைத்தால் யாரும் கோபிப்பதில்லை.

சொல்லாமக் கொள்ளாம வைச்சாத்தானே உண்மை தெரியும்?

முதல் முறை சொல்லித்தான் வைக்க வேண்டும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாதவரைத் திடீரென்று சோதித்தால் பயம் மட்டுமே தெரியவரும். இரண்டாம் முறை நாளை மட்டும் சொல்லி நேரத்தை மறைக்கலாம். எப்படியும் பொலிஸ், தீயணைப்புப் பிரிவு, தொலைபேசி இயக்குநர், பக்கத்து வார்ட், கடமை டொக்டர் ஆகியோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நோயாளிகளுக்கும் வாசலில் நிற்கும் உறவினர்களுக்கும் மாலையில் தமிழில், தேவையான இடத்தில் சிங்களத்திலும் அறிவியுங்கள்.

சைரன் வேண்டாம். இந்தக் கரையோரத்தில் நள்ளிரவில் சைரன் ஊதினால் சனத்துக்கு 2004 டிசம்பர் 26தான் ஞாபகம் வரும். வார்டில் உள்ளவர்கள் மட்டுமல்ல, சுற்றியுள்ள வீதிகளும் எழும்பி மேற்கே ஓடும். விசிலும் "கோட் ரெட்" என்ற சொல்லும் போதும். ஒத்திகைக்கு நடுவே உண்மையான நோயாளிக்கு ஏதும் ஆனால் "ஒத்திகை நிறுத்தம்" என்று யாரும் கத்தலாம், கடைநிலை ஊழியர்கூட. அந்தச் சொல் கேட்டதும் எல்லோரும் தங்கள் உண்மையான வேலைக்குத் திரும்ப வேண்டும்.

ஆள் கணக்கு எடுக்க எல்லா பெட் ஹெட் டிக்கெட்டையும் தூக்கிட்டுப் போறதா?

வேண்டாம், நேரம் போய்விடும். அனுமதிப் பதிவேடும் நள்ளிரவுக் கணக்குத் தாளும் போதும், அவை எப்போதும் தாதியர் மேசையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். பதிவேட்டில் துணைக்கு நிற்பவர்கள் இருக்க மாட்டார்கள். அதனால் கணக்குத் தாளின் மூலையில் "துணை: 5" என்று இரவு பத்து மணிக்கே எழுதிவிடுங்கள்.

நமது காட்சியில் ஒரு நடிகையை மலசலகூடத்தில் இருக்கச் சொல்லி ரகசியமாக அனுப்பினோம். அடுத்த வார்டில் எண்ணும்போது 21தான் வரும். எண்ணுகிறவர் அதைக் கண்டுபிடிக்கிறாரா, எங்கே தேடுகிறார் என்பதுதான் சோதனை. இன்னொருவரிடம் பாதி வழியில் "ஐயோ, என்ர ஃபோன்" என்று திரும்பச் சொல்லியிருந்தோம். பார்த்து முடித்த மலசலகூடம், ஸ்டோர் ஆகியவற்றின் வாசலில் ஒரு தலையணையைப் போட்டுவிட்டு வந்தால், அடுத்து வருபவர் அதே இடத்தை மறுபடி தேட மாட்டார்.

அந்த நேரம் பெரிய டொக்டர் வந்து நிண்டா யார் சொல்றதைக் கேக்கிற?

சிவப்புக் கைப்பட்டி கட்டியவர் சொல்வதை. மூன்று அட்டைகள் பற்றிச் சொன்னபடி அது பொறுப்புத் தாதி. டொக்டர் வந்தால் எந்த நோயாளிக்கு ஒட்சிசன் உடனே வேண்டும், யாருடைய மருந்துப் பம்பைக் கழற்றலாம் என்ற வைத்திய முடிவுகள் அவருடையவை. வழி, கதவு, வரிசை கைப்பட்டிக்காரருடையவை. தீயணைப்புப் பிரிவு வந்ததும் தீ இருக்கும் பகுதி முழுவதும் அவர்களின் கையில். வைத்திய நிபுணர் ஒருவர் ஒத்திகையில் கலந்துகொண்டு, தாதி சொன்ன பக்கம் நடந்து காட்டினால் பத்துக் கூட்டம் வைத்துச் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

முடிஞ்ச பிறகு கூடிப் பேசுறம், ஆனா எல்லாரும் "நல்லா நடந்துது" எண்டு போயிருவினம். என்ன செய்யிற?

ஒத்திகை முடிந்து கால் மணிக்குள், அதே இடத்தில், நின்றபடி பேசுங்கள். மறுநாள் என்றால் ஞாபகம் அழகாகிவிடும். பேசும் வரிசை கீழிருந்து மேலே: சுகாதார உதவியாளர் முதலில், அடுத்து சிக்கியூரிட்டி, தாதி, பொறுப்புத் தாதி, டொக்டர் கடைசி. டொக்டர் முதலில் "நல்லம்" என்றால் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேள்வியும் "எப்படி இருந்தது" என்றல்ல, "எந்த இடத்தில் நின்று யோசித்தீர்கள்" என்று இருக்கட்டும்.

அவதானிப்பவர்கள் இருவர் போதும். ஒருவர் தீப் பக்கம், ஒருவர் மேற்குக் கதவு. இருவரும் உதவி செய்யக் கூடாது, நேரத்தை மட்டும் எழுத வேண்டும். அவர்கள் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அந்த ஃபோமில என்னென்ன இருக்கணும்? நிரப்பின ஒண்டைக் காட்டுங்கோ.

ஒரு பக்கம், அதற்கு மேல் போகாதீர்கள். மேலே சொன்ன காட்சிக்கு மாதிரியாக நிரப்பியது இது:

வார்ட் / ஷிஃப்ட்: பெண்கள் மருத்துவம், இரவு. நோயாளிகள் 22, துணை 5, ஊழியர் 3.
தீ இருந்த இடம்: 4ஆம் கட்டில், மல்டி பிளக்.
தொடக்கம்: 0 நிமிடம் 00 செக்கன்.
முதல் சத்தம்: 0.20
இயக்குநருக்குத் தகவல்: 0.50
5ஆம் கட்டில் விலகியது: 1.10 (ஓட்டமானி மூடப்பட்டதா? ஆம்)
சிலிண்டர் தீ முன் வந்தது: 1.40
வெளியேறும் முடிவு: 2.05
விசிறி நிறுத்தியது: நிறுத்தவில்லை
மேற்குக் கதவு முழுதாகத் திறந்தது: 3.30
கடைசி நோயாளி மாறியது: 6.40
கதவு சாத்தியது: 6.50
முதல் எண்ணிக்கை: 7.15, 21 பேர்
எண்ணிக்கை சரிவந்தது: 8.40, 22 பேர் (மலசலகூடம்)
நின்று யோசித்த இடங்கள்: கதவின் இரண்டாவது பலகையின் மேல் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறங்கவில்லை, வால்வு எந்தக் கட்டில்களுக்கு என்று தெரியவில்லை, விசிறி ஞாபகம் வரவில்லை.
செய்ய வேண்டியது / யார் (பதவி) / எப்போது: தாழ்ப்பாள் மாற்றல், பராமரிப்புப் பிரிவு, ஏழு நாள். வால்வுப் பெட்டியில் கட்டில் இலக்கம், பொறுப்புச் சகோதரி, மூன்று நாள். மூன்றாவது அட்டையில் "விசிறி" சேர்த்தல், பொறுப்புச் சகோதரி, இன்று.
மீண்டும் பார்த்தவர், திகதி: (வெற்றிடம்)

இந்தத் தாளை வாசிக்கும் விதம் இருக்கிறது. வெளியேறும் முடிவு 2.05க்கு, கதவு திறந்தது 3.30க்கு. இடையில் 85 செக்கன் முழு வார்டும் கதவடியில் நின்றிருக்கிறது. ஊழியர்கள் மெதுவாக ஓடினார்கள் என்பதல்ல இங்கே குறை, ஒரு தாழ்ப்பாள். அதே மாதிரி 7.15க்கும் 8.40க்கும் இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், மலசலகூடம் பார்ப்பது யாருடைய அட்டையிலும் எழுதப்படவில்லை என்பது வெளியே வரும்.

இந்த ஃபோமை வைச்சு ஆரையும் விசாரிப்பினமா?

விசாரித்தால் அடுத்த ஃபோம் பொய்யாக நிரப்பப்படும். அதனால் பெயர் எழுதும் இடமே வைக்கவில்லை, பதவி மட்டும். "தாதி ஆளியை மறந்தார்" என்று எழுதாமல் "விசிறி நிறுத்தவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். முதல் வசனத்துக்கு விடை விளக்கக் கடிதம், இரண்டாவதுக்கு விடை அட்டையில் ஒரு வரி.

பக்கத்து வார்டுக்கும் புகை வந்தா எங்க கொண்டுபோற?

அப்போதுதான் படிக்கட்டு. மின்தூக்கி வேண்டாம், மின்சாரம் நின்றால் உள்ளேயே மாட்டிக்கொள்வார்கள். கீழே கூடும் இடம் தீயணைப்பு வண்டி வரும் வாசலில் இருக்கக் கூடாது. இரண்டு இடங்களைக் குறித்து வையுங்கள், கட்டடத்துக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புகை கடல் பக்கம் போகும், அப்போது மேற்கே கூடுவது நல்லது. வாடைக்காற்றுக் காலத்தில் காற்றும் மாறும், மழைவெள்ளமும் நிற்கும். ஒக்டோபரில் குறித்த இடம் டிசம்பரில் முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இந்தக் காட்சியை அப்படியே எடுக்க வேண்டாம். செயற்கைச் சுவாச இயந்திரத்தில் உள்ள ஒருவரை மாற்ற, அம்பு பை அமுக்க ஒருவர், கட்டில் தள்ள இருவர், பம்புகளைப் பிடிக்க ஒருவர் என்று கணக்கே வேறு.

அடுத்த ஒத்திகையில அதையே திரும்பச் செய்யிறதா?

முழுவதையும் வேண்டாம். ஃபோமில் "செய்ய வேண்டியது" என்று எழுதியவற்றை மட்டும் தனித்தனியே பாருங்கள். இரவுக் கடமைக்கு வருகிறவரிடம் "மேற்குக் கதவை முழுதாகத் திறந்து காட்டுங்கோ" என்று கேட்டு நேரம் பிடித்தால் அது இரண்டு நிமிட வேலை. ஒவ்வொரு ஷிஃப்ட் குழுவுக்கும் ஒருமுறை அப்படிச் செய்து, திகதியை அந்த வெற்றிடத்தில் எழுதுங்கள். முழு ஒத்திகை மறுபடி வைக்கும்போது தீயை இடம் மாற்றுங்கள். மேற்குக் கதவடியிலுள்ள ஸ்டோரில் வைத்தால் இம்முறை பிரதான வாசல்தான் வழி, படிக்கட்டுக்கு அப்பால் உள்ள வார்ட்தான் அடைக்கலம். அங்கே இரவில் கதவு பூட்டித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதைக் கேட்டு வைத்துவிட்டுக் காட்சியை எழுதத் தொடங்குங்கள்.